ஏ இருந்த இடம்

நீரஜா மாமி என்னைத் திருடன் என்று சொல்லவில்லை. "உங்க ஆள் வந்துட்டுப் போனப்புறம்தான் பாஸ்வேர்டு மாறியிருக்கு" என்று என் முதலாளியிடம் ஃபோனில் சொன்னார், அவ்வளவுதான். இதற்கும் அதற்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நீங்களே சொல்லுங்கள். அதுவும் நான் இரண்டடி தள்ளி ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக நின்றுகொண்டிருக்கும்போது.

என் பெயர் செந்தில்குமார். கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு. தி. நகரில் ரகுபதி சாரின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை. தொண்ணூற்றாறில் மயிலாப்பூர், அபிராமபுரம் பக்கம் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் பாதிப் பேருக்கு என் டிவிஎஸ் ஃபிஃப்டி சத்தம் தெரியும். என் கையில் சரியாகாத மெஷின் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

நீரஜா மாமி அபிராமபுரத்தில் பாட்டு சொல்லிக்கொடுப்பவர். அவர் பையன் ஷ்ரவண் பிரான்ஸில், லியோன் நகரத்தில் படித்தவன். இப்போது அங்கேயே வேலை. லீவில் வந்தபோது தன் பழைய கம்ப்யூட்டரை அம்மாவுக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். மாமி அதில் ஸ்வரங்களை டைப் செய்து வைப்பார், ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சிஷ்யை கீபோர்டில் காபியைக் கொட்டிவிட்டாள். நான்தான் போய்ப் புது கீபோர்டு போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு இதே மாமி எனக்குக் காபி கொடுத்து, தன் சிஷ்யைகளின் வீட்டுக்கெல்லாம் என்னைச் சிபாரிசு செய்தவர்.

இன்றைக்கு நான் வந்தது புது ஹார்ட் டிஸ்க் போட. டிஸ்க்கைப் பொருத்தியாயிற்று. அதைக் கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்த 'செட்டப்' என்ற நீலத் திரைக்குள் போகவேண்டும். விண்டோஸ் கண் விழிப்பதற்கு முன்னால், போர்டில் இருக்கும் ஒரு சிப்பே காட்டுகிற திரை அது. அதற்கு மாமி பாஸ்வேர்டு போட்டு வைத்திருந்தார். வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் எதையாவது நோண்டிவிடுகிறார்கள் என்று ஷ்ரவண் சொல்லிக்கொடுத்த யோசனை.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோப்பா" என்றார் மாமி. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டிக், டிக் என்று ஆறு தட்டு. பிறகு எரிச்சலாக ஒரு 'பீப்'. பாஸ்வேர்டு தவறு.

"கேப்ஸ் லாக் எதுனா போட்டு கீதா பாருங்க மாமி" என்றேன். இல்லை. மறுபடி ஆறு தட்டு, மறுபடி பீப். மூன்றாவது முறையும் அப்படியே.

"என்னோட பாஸ்வேர்டு எனக்குத் தெரியாதா? இதுல உன்னைத் தவிர வேற யாரும் கை வைக்கலையே" என்றார். அதற்குப் பிறகுதான் ஃபோனை எடுத்தார்.

பேசி முடித்துவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினார். ரகுபதி சார் நல்லவர்தான், ஆனால் சண்டை என்றால் ஒதுங்கிவிடுவார். "செந்திலு, ஜம்பரைப் போட்டு பாஸ்வேர்டை அழிச்சுடு. ஒரு சாரி சொல்லிட்டு வந்துரு. இனிமே நீ கடைக்குள்ளயே வேலை பாரு, வீட்டு சர்வீஸுக்கு வேற ஆளை அனுப்பறேன். அந்தம்மா மனசு கோணிச்சுன்னா மயிலாப்பூரே நமக்கு இல்ல."

"நான் இன்னா பண்ணேன்னு சாரி சொல்லணும் சார்?"

"பண்ணியோ இல்லையோ. வேலையை முடி."

வைத்துவிட்டார். காது இரண்டும் சூடாகிவிட்டது. வீடுகளுக்கு அனுப்பாத மெக்கானிக் என்றால் என்ன அர்த்தம்? கை சுத்தமில்லை என்று அர்த்தம். நாளைக்கு வேறு கடையில் வேலை கேட்டுப் போனாலும் இந்தப் பேச்சு எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

உள்ளே போக எனக்கு வழி இல்லாமல் இல்லை. ஜம்பர் என்பது போர்டில் இருக்கும் நகம் அளவு செருகி. அதை இடம் மாற்றி வைத்தால் பாஸ்வேர்டு காணாமல் போகும். அது போக, இந்த மாதிரி சிப்புகளில் சிலதுக்கு எல்லாப் பூட்டுக்கும் பொருந்துகிற பொதுப் பாஸ்வேர்டு ஒன்று உண்டு. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அதை அடித்து உள்ளே போனால் மாமி என்ன நினைப்பார்? அன்றைக்கும் இப்படித்தான் போயிருப்பான் என்று நினைப்பார். ஜம்பரைப் போட்டாலோ, மாற்றியதை மறைக்க அழித்துவிட்டான் என்று ஆகும். இரண்டுமே பூட்டைத் திறக்கும், என்னை மாட்டிவிடும். மாமி போட்ட பாஸ்வேர்டே, மாமி கையாலேயே திறக்கவேண்டும். வேறு வழியில் அந்தப் பூட்டைத் திறக்கமாட்டேன் என்று முடிவு செய்தேன்.

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன். "மாமி, நான் எதையும் மாத்தல. அது ஏன் தொறக்கலன்னு கண்டுபுடிச்சுட்டுதான் போவேன். மொதல்ல இந்தப் பாஸ்வேர்டை எப்டி போட்டீங்க, அத சொல்லுங்க. பாஸ்வேர்டு வாணாம், போட்ட கதைய சொல்லுங்க."

மாமிக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சொன்னார்.

"ஷ்ரவண் ஃபோன்ல சொல்லிண்டே வந்தான், நான் பண்ணிண்டே வந்தேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் டெல்லை அழுத்தும்மாங்கறான். டெல்னு ஒரு கட்டையே இல்லை. தேடித் தேடிப் பாத்துட்டு இல்லைடாங்கறேன். அப்புறம்தான் அவனுக்கே ஞாபகம் வந்து, எஸ் யூ பி பி ஆர்னு போட்டிருக்கும், அதுதான்னான்."

ஆர்மோனியம் மாதிரி கீக்களைக் கட்டை என்றுதான் சொல்வார். எனக்கு அந்தக் கட்டை தலையில் விழுந்தது. டெலீட் கீயில் பிரெஞ்சுக்காரர்கள்தான் அப்படிப் போடுவார்கள்.

"மாமி, அப்ப காபி கொட்டுன கீபோர்டுலயா போட்டீங்க?"

"பின்ன? நீ புதுசு போட்டது அதுக்கப்புறம்தானே."

"அந்தப் பழசு எங்க கீது?"

எதையும் தூக்கிப் போடாத வீடு என்று எனக்குத் தெரியும். பீரோ மேலிருந்து ஒரு துண்டில் சுற்றி எடுத்துவந்தார். செத்துப்போன கீபோர்டுதான், ஆனால் எழுத்துகள் அப்படியே இருந்தன. அதைப் புதுசுக்குப் பக்கத்தில் வைத்தேன். புதுசில் மேல் எழுத்து வரிசை க்யூ, டபிள்யூ என்று தொடங்கியது. பழசில் ஏ, இசட் என்று தொடங்கியது. பிரெஞ்சுக்காரர்கள் எழுத்துகளை அடுக்குவதே வேறு மாதிரி. நான் கழற்றிய கீபோர்டு, நான் பார்த்த எழுத்துகள். இரண்டு மாதமாக என் மண்டையில் உறைக்கவில்லை. எனக்கே என் மேல் ஒரு அறை விடலாம் போல இருந்தது. ஆனாலும் அதைவிடச் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது, சிரிப்பே வந்துவிட்டது.

"எதுக்குச் சிரிக்கறே?" என்றார் மாமி.

"மாமி, கீபோர்டுக்கு எழுத்தே தெரியாது. நீங்க ஒண்ணை அழுத்துனா, இத்தனாவது கீயை அழுத்துனாங்கன்னு ஒரு நம்பரைத்தான் அனுப்பும். அந்த நம்பருக்கு இன்னா எழுத்துன்னு உள்ள இருக்குற ப்ரோகிராம்தான் முடிவு பண்ணும். விண்டோஸுக்கு இது பிரெஞ்சு கீபோர்டுன்னு உங்க பையன் சொல்லி வெச்சிருந்தாரு, அதனால அங்க ஏ அழுத்துனா ஏ வந்துச்சு. நான் புதுசு போட்டப்போ அதை அமெரிக்க கீபோர்டுன்னு மாத்தி வெச்சேன், அதனால இப்பவும் ஏ அழுத்துனா ஏ வருது. ஆனா இந்த நீலத் திரை விண்டோஸுக்கு முன்னாடி வர்றது. அதுக்கு அமெரிக்க அடுக்கு ஒண்ணுதான் தெரியும். அப்பவும் அதான், இப்பவும் அதான்."

மாமி இரண்டு கீபோர்டையும் மாறி மாறிப் பார்த்தார். நான் மேலே சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவரே பழசின் ஏ மேல் விரலை வைத்தார். அப்படியே விரலைப் புதுசில் அதே இடத்துக்கு நகர்த்தினார். அங்கே க்யூ இருந்தது.

"அப்போ அது கட்டை எங்க இருக்குன்னுதான் பாக்கறது. மேல ஒட்டின சீட்டை இல்லை" என்றார். "நான் 'ஏ'ன்னு நெனைச்சுண்டு அழுத்தினேன். அது க்யூன்னு எடுத்துண்டுடுத்து."

"ஆமா. திரையில வெறும் நட்சத்திரம்தான் தெரியும், அதனால உங்களுக்கும் தெரியல."

"ரெண்டு தரம் அடிக்கச் சொன்னானே? தப்பா இருந்தா அப்பவே மாட்டிண்டிருக்காதோ?"

"ரெண்டு தரமும் ஒரே மாதிரிதான தப்பு. ரெண்டும் ஒத்துப்போச்சு, வாங்கிக்கிச்சு."

மாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் விதியைச் சொன்னேன்: ஏ வந்தால் க்யூ, க்யூ வந்தால் ஏ, இசட் வந்தால் டபிள்யூ, டபிள்யூ வந்தால் இசட், எம் வந்தால் எல்லுக்கு அடுத்த கீ. மற்ற எழுத்துகளெல்லாம் அதனதன் இடத்தில். சொல்லிவிட்டு, அவர் கேட்காமலேயே காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த ஆறு தட்டையும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நின்றேன். இது திறக்காவிட்டால் என் வாய்ச்சவடாலுக்கு நாளையிலிருந்து கடைக்குள் ஒரு ஸ்டூல்தான்.

பீப் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். நீலத் திரை, ஒழுங்காக, எல்லா மெனுவோடும். அதை அத்தனை அழகாக நான் பார்த்ததே இல்லை.

மாமி எழுந்து ஃபோனைச் சுழற்றினார்.

"ரகுபதி, நீரஜா பேசறேன். உங்க ஆள் மேல நான் சொன்னது தப்பு. அவர் எதையும் மாத்தலை. எங்காத்துக்கு இனிமே அவர்தான் வரணும், வேற யாரையாவது அனுப்பினேள்னா நான் கதவைத் திறக்கமாட்டேன்." ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "தப்பா நெனைச்சுட்டேன்ப்பா. மன்னிச்சுக்கோ" என்றார். இத்தனை நேரம் பிடித்து வைத்திருந்த என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "நீங்க சொன்னதும் சரிதான் மாமி. நான் வந்துட்டுப் போனதாலதான வந்த வெனை" என்றேன்.

டிஸ்க்கை அறிமுகப்படுத்தினேன். பழைய பாஸ்வேர்டை எடுத்துவிட்டு, புது கீபோர்டில் புதிதாக ஒன்று போடச் சொல்லிவிட்டு மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பினேன்.

"வி" என்றார் மாமி சத்தமாக. ஒரு தட்டு. "ஏ." இன்னொரு தட்டு. "ஆர். ஏ. எல். ஐ."

"மாமி, எனக்குக் கேக்குது."

"கேக்கட்டும். வராளி. அது ஒரு ராகம். நேருக்கு நேர் உக்காத்தி வெச்சுச் சொல்லித்தரக்கூடாதும்பா, சொன்னா குருவுக்கும் சிஷ்யனுக்கும் ஆகாதாம். அதான் பாஸ்வேர்டா வெச்சேன். பெத்த பிள்ளைகிட்டகூடச் சொல்லலை."

"அப்ப வேற ஏதாவது போட்டுக்குங்க. இது எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

"தெரிஞ்சா என்ன?" என்றார். இரண்டாவது முறை உறுதி செய்யத் திரை கேட்டது. மாமி அதே ஆறு எழுத்தை, முன்னைவிடச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அடித்தார்.