இருபத்தேழு கேள்விகளும் மூன்று தையலும்

விசிட்டிங் கார்டில் 'பிராண்ட் சிற்பி' என்று போட்டுக்கொள்ளச் சொல்லி யாரும் அவரைக் கெஞ்சவில்லை. அவராகவே போட்டுக்கொண்டார். ஸ்டுடியோ என்று அவர் சொல்வது சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. கீழே காற்றடிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம், பேச்சை நிறுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். வந்தவர்கள் அதைத் தியானம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

லோகோ வேண்டும் என்று யார் படியேறினாலும் இருபத்தேழு கேள்விகள் அடங்கிய படிவத்தை நீட்டுவார். 'உங்கள் நிறுவனம் ஒரு விலங்கானால் எந்த விலங்கு?' என்பது நான்காவது கேள்வி. 'அதன் வாசனை என்ன?' என்பது பதினொன்று. பெரிய கம்பெனிகளில் இப்படித்தான் கேட்பார்களாம். அவர் எந்தப் பெரிய கம்பெனியின் வாசலையும் மிதித்ததில்லை என்பது வேறு விஷயம்.

மூன்று வாரத்துக்கு முன் வந்தவள், அடுத்த தெருவில் அக்காவோடு சேர்ந்து பழைய துணிகளைப் பிடித்தும் தளர்த்தியும் கொடுக்கிற தையல்காரி. கழுத்தில் இஞ்சு டேப்போடு உட்கார்ந்தாள்.

"சார், எங்கக்கா என்ன சொல்றான்னா..."

"அக்காவை அப்புறம் பாக்கலாம்மா. முதல்ல விலங்கைச் சொல்லுங்க."

அவள் திருதிருவென்று விழித்தாள். "பூனைன்னு வெச்சுக்குங்க. மெஷினடியில ஒண்ணு படுத்திருக்கும். கொஞ்சம் சீக்கிரமா முடிச்சுக் குடுத்தீங்கன்னா..."

"கலைக்குக் கடிகாரம் தெரியாதும்மா" என்று அவர் சொன்னார். நல்ல வாக்கியமாக இருக்கிறதே என்று அதை நோட்டில் குறித்தும் கொண்டார்.

இன்று அவள் மறுபடி வந்திருந்தாள். டேப் இல்லை. சிற்பி விளக்கை அணைத்துப் புரொஜெக்டரைப் போட்டார். சுவரில் ஒரு தங்கப் பூனை எழுந்தது. ஏழு நிறங்கள் ஒன்றில் ஒன்று கரைந்தன. மீசை நூலாக ஓடி வாலைச் சுற்றியது. அவரே ஒருமுறை பெருமூச்சு விட்டார்.

"அழகாத்தான் இருக்கு சார். இதைக் காலர் லேபிள்ல எப்படித் தெக்கிறது?"

"லேபிளா?"

அவள் கட்டைவிரல் நகத்தைக் காட்டினாள். "இவ்வளவுதான் இடம். ஒரே கலர் நூலு. போர்டெல்லாம் எங்களுக்கு ரெண்டாம்பட்சம்."

"இதை நீங்க சொல்லவே இல்லையேம்மா!"

"நீங்க கேக்கலையே சார். வாசனையைத்தானே கேட்டீங்க."

கீழே யாரோ காற்றடித்தார்கள். சிற்பி கண்ணை மூடவில்லை. விளக்கைப் போட்டுவிட்டு, படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார். "இதைப் பாத்து சரின்னு சொல்ல வேண்டியது நீங்க மட்டும்தானா, வேற யாராவது உண்டா?"

"அக்காதான் சொல்லணும்."

"அப்போ அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

அவள் இல்லாத டேப்பைக் கழுத்தில் தடவித் தேடினாள். "போன செவ்வாய்க்கிழமை போயிட்டா சார். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, லேபிளை ஒரு தடவை கையில வெச்சுப் பாத்துட்டுப் போயிடறேன்னா. அதுக்குத்தான் அன்னிக்கு சீக்கிரம்னு சொன்னேன்."

எந்தத் தேதிக்குள், ஏன் அந்தத் தேதி என்று கேட்கிற ஒரே ஒரு வரி. அது இருபத்தேழில் இல்லை. சுவரில் பூனை மட்டும் வெளிறிப்போய்ச் சிரித்துக்கொண்டிருந்தது. சிற்பி எழுந்து போய் அதை அணைத்தார்.

பிறகு வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தார். "உங்க கடைத் துணிதான்னு ஜனங்க இப்ப எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கம்மா?"

"நீங்க போட்டிருக்கிற பேண்ட்டே எங்க கடையில வெட்டினதுதான் சார். உங்க வீட்டம்மா கொண்டாந்தாங்க." அவள் குனிந்து அவருடைய கால்மடிப்பைத் திருப்பிக் காட்டினாள். உள்பக்கம் கருநீல நூலில் மூன்று பொடிப் பெருக்கல் குறிகள், நடுவிலிருப்பது மட்டும் கொஞ்சம் சாய்ந்து. "எதை முடிச்சாலும் அக்கா இதைப் போட்டுட்டுத்தான் நூலை அறுப்பா. இந்தக் குறியைப் பாத்துத்தான் திரும்ப வருவாங்க."

சிற்பி தரையில் உட்கார்ந்து, தன் காலைத் தானே பார்த்து, மூன்று குறிகளையும் வரைந்தார். நடுவிலிருந்ததை நிமிர்த்தத் துடித்த கையை அடக்கிக்கொண்டார். பிறகு நகத்தளவுக்குச் சிறிதாக்கிப் பார்த்தார். அப்போதும் அடையாளம் தெரிந்தது.

அவள் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "இதைப் போடவா ஒரு ஆளு மூணு வாரம் உக்காந்தான்னு அக்கா கேட்டிருப்பா." சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், சிரிப்பு பாதியில் உடைந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"முழுசா முடிச்சுத் தர்றேம்மா" என்றார் சிற்பி, தரையிலிருந்தபடியே. "எப்பக்குள்ள வேணும்?"

அவள் தாளை மடிக்காமல், கசங்காமல், அவர் மேஜைமேல் திரும்ப வைத்தாள்.

"இனிமே ஒண்ணும் அவசரமில்ல சார்."