இருபத்தெட்டு நாள் இருப்பு

வெளிநாட்டுப் படிப்புக்கான முதல் விசா விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதற்குக் காரணம் ஒற்றை வரியில் இருந்தது: காட்டிய பணம் மாணவியுடையதோ பெற்றோருடையதோ அல்ல.

"மாமா பணம்தானே? வேத்தாளா அவரு?" என்று மகள் பொருமினாள். தகப்பன் இல்லாத அவளை ஏழு வயதிலிருந்து தோளில் தூக்கி வளர்த்தவர் தாய்மாமாதான். அவர் தன் வங்கிக் கணக்கைக் காட்டி, 'படிப்புச் செலவு முழுவதும் என் பொறுப்பு' என்று கடிதமும் கொடுத்திருந்தார்.

விசா ஆலோசகர் பெண்மணி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத் தாயைப் பார்த்தார். "பாசத்தை அவங்க அளக்கலம்மா. அந்த நாட்டு விதிப்படி பணம் பொண்ணு பேர்ல இருக்கணும், இல்லைன்னா அப்பா, அம்மா பேர்ல. மாமா லெட்டர் கொடுத்தாலும் செல்லாது. உங்க கணக்குல இருந்தா நீங்க சம்மதக் கடிதம் கொடுக்கணும், பிறப்புச் சான்றிதழையும் வைக்கணும்."

தாய் சீருடை தைக்கும் கூடத்தில் மேற்பார்வையாளராக இருந்தாள். அவள் கணக்கில் சம்பளம் வரும், மாதக் கடைசிக்குள் கரையும், அவ்வளவுதான்.

அவள் அண்ணன் இரண்டு நாள் யோசித்தார். பிறகு தன் இரண்டு லாரிகளில் ஒன்றை விற்று, பணத்தைத் தங்கை கணக்கில் போட்டார். "கடனாக் கொடுத்தா அது உன் பணம் இல்லையாமே. அன்பளிப்புன்னு எழுதிட்டேன். வித்த பத்திரத்தையும் வச்சுக்கோ, திடீர்னு இவ்ளோ பணம் எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டா காட்டணும்."

அண்ணி மட்டும் வாசலிலேயே நின்றாள். "தங்கச்சின்னா கண்ணு மண்ணு தெரியாது உங்களுக்கு" என்றாள். தாய்க்கு அது சுருக்கென்று தைத்தது. ஆனால் பொய்யென்று சொல்ல முடியவில்லை.

இனி பணம் இருபத்தெட்டு நாள் அசையாமல் கிடக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள் தேவையான தொகைக்குக் கீழே இறங்கினாலும் போச்சு. வங்கி ஸ்டேட்மென்ட் முடியும் தேதியிலிருந்து முப்பத்தோரு நாளுக்குள் விண்ணப்பித்தும் ஆக வேண்டும். கல்லூரி தொடங்கும் தேதியோ கழுத்தை நெரித்தது. மகள் நாட்காட்டியே கதியென்று கிடந்தாள்.

மூன்றாவது வாரத்தில் அண்ணன் லாரிப் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு முன்பணம் கேட்டார்கள். காப்பீடு பாதிகூடத் தாங்கவில்லை. மீதி லாரி சும்மா கிடந்தாலும், அதை அன்றைக்கே விற்க ஆளில்லை. அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாத்தனாரைப் பார்த்ததும் எழுந்தாள், வாயைத் திறந்தாள், ஒன்றும் கேட்காமல் திரும்பவும் உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டுக் கேட்டிருந்தால்கூடத் தாய்க்கு இத்தனை வலித்திருக்காது.

மகளை வராந்தாவுக்குக் கூட்டிப் போனாள். "கண்ணு, அந்தப் பணத்தை எடுக்கணும்."

 மகள் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். "இன்னும் ஒரு வாரம்தான்மா" என்றாள் கடைசியில். சொன்ன வாயை உடனே பொத்திக்கொண்டு அழுதாள். "எடு. யோசிக்காத, எடு."

வங்கி மூடும் முன் ஓடிப் போய் எடுத்தார்கள். சீட்டில் தாய் ஒரே மூச்சில் கையெழுத்து போட்டாள். அப்படியே மருத்துவமனைக்கு ஓடிப் பணத்தைக் கட்டினார்கள்.

அண்ணன் பிழைத்தார்.

"இருபத்தெட்டு நாளும் குறையாம இருந்த மாதிரி ஸ்டேட்மென்ட் அடிச்சுத் தர ஆள் இருக்காம், என்கூடப் படிச்சவன் சொன்னான்" என்று மகள் ஆலோசகரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஆலோசகர் முகம் இறுகியது. "அவங்க நேரா வங்கியில விசாரிப்பாங்க. பணம் குறைஞ்சா நிராகரிப்பு, அடுத்த தடவை சரிபண்ணலாம். போலின்னு தெரிஞ்சா பத்து வருஷம் கதவைச் சாத்திடுவாங்க." மகள் தலை குனிந்தாள். அன்றே கல்லூரிக்கு எழுதி, சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்கச் சொன்னாள்.

அடுத்த பருவத்துக்கு வேறு வழியை ஆலோசகர் காட்டினார். மகள் பெயரிலேயே வங்கியில் கல்விக்கடன் அனுமதியானால், அந்தக் கடிதம் போதும், இருபத்தெட்டு நாள் கணக்கு அதற்கு இல்லை. ஆனால் ஜாமீனுக்குச் சொத்து வேண்டும். வாடகை வீட்டில் இருக்கும் தாய் சொத்துக்கு எங்கே போவாள்?

மறுநாள் காலை அண்ணி வந்து நின்றாள், கையில் வீட்டுப் பத்திரத்தோடு. வீடு அவள் பெயரில்தான் இருந்தது.

"உங்க அண்ணன் சொல்லலை, நானா வந்தேன்" என்றாள். "எங்க கையெழுத்து போடணும்னு மட்டும் காட்டு."

தாய் மறுத்துப் பேசத் தொடங்கினாள். அண்ணி கையமர்த்தினாள். "அன்னைக்கு நான் கேக்கவே இல்லை. நீ கொடுத்துட்ட. இப்ப நீ கேக்காமலே நான் தர்றேன்."

கடன் அனுமதியாகி, விசாவும் வந்த நாள், மகள் அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தாள். தாய் தையல் கூடத்தில் வேலையாக இருந்தாள். செய்தி கேட்டதும் தையல் எந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே, சத்தம் வராமல் அழுதாள்.