பலகையில் இருந்த பெயர்

எண்ணெய் ஆலையின் மாடி ஆபீசில் மருந்துப் பெட்டிக்கு மேலே ஒரு பலகை மாட்டியிருந்தது. 'முதலுதவிப் பொறுப்பு: ஆரோக்கியம்மாள்.' கடலூர் முதுநகரிலிருந்து நடந்து வரும் எனக்குத் தினமும் முதலில் கண்ணில் படுவது அதுதான். சிதம்பரத்தில் பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வந்தவள் அவள். நான் எட்டாவதோடு நின்றவள். கவர்களில் தபால்தலை ஒட்டுகிறேன். அவளுடைய கட்டுப்போடும் புத்தகத்தை அவளுக்குத் தெரியாமல் மூன்று முறை படித்திருந்தேன்.

ஒரு நாள் காலை, மறுநாள் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது. அறை சுத்தமாகத் தெரியட்டும் என்று மானேஜர் தட்சிணாமூர்த்தி பழைய காகிதக் கட்டுகளையெல்லாம் பின் படிக்கட்டில் அடுக்கச் சொன்னார். நான் பார்த்தேன். அன்று நடக்கவிருந்த தீ ஒத்திகையில் எல்லோரும் இறங்கவேண்டியது அந்தப் படியில்தான். கடைசியாகப் பெட்டியோடு இறங்குபவள் ஆரோக்கியம்மாள். தடுமாறி அவமானப்படட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மணி அடித்தது. முன் படியில் தீப்பிடித்ததாகச் சிவப்புத் துணி கட்டினார்கள். எல்லோரும் பின் படியில் ஒருவர் பின் ஒருவராக, கட்டுகளைத் தாண்டித் தாண்டி இறங்கினோம்.

ஆரோக்கியம்மாள் விழுந்த சத்தம் கீழே கேட்டது. முதலுதவி தெரிந்தவளுக்கே முதலுதவி செய்ய ஆளில்லை. நான் ஓடினேன். மணிக்கட்டு வீங்கியிருந்தது. அட்டையை மடித்து வைத்துத் துணி சுற்றினேன்.

"முடிச்ச எலும்பு மேல போடாதடி" என்றாள் பல்லைக் கடித்தபடி. "புஸ்தகத்துல அந்தப் பக்கத்த மட்டும் படிக்கலியா?"

எனக்கு முகம் சுட்டது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அவளை அழைத்து வந்ததும் மானேஜர் விபத்துப் புத்தகத்தைத் திறந்தார். "ரெண்டு நாளைக்கு மேல வேலைக்கு வராம இருந்தா இன்ஸ்பெக்டருக்கு எழுதணும். காரணம், அவுங்க கவனக்குறைவுன்னு போட்டுட்டேன். செல்லாயி, அடுத்த தடவ நீ சிதம்பரம் போறியா? பலகைய மாத்திடலாம்."

மூன்று மாதமாக நான் கேட்க ஏங்கிய வார்த்தை. ஆரோக்கியம்மாள் என்னைப் பார்க்கவில்லை, மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக்கூட எல்லோரும் வந்து விசாரிக்கிறார்களே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

"காகிதக் கட்டெல்லாம் படியில இருந்துச்சுங்க. நீங்கதான் வைக்கச் சொன்னீங்க. காலையிலயே நான் பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

"இவங்க விழணும்னுதான் சார்."

ஆரோக்கியம்மாள்தான் முதலில் பேசினாள். "அடிப்பாவி! கைய ஒடைக்கணும்னா நினைச்ச?"

"இல்லக்கா. எல்லாரும் சிரிக்கணும்னு."

மானேஜர் எழுதியதை அடித்துவிட்டு, 'வெளியேறும் படியில் தடை' என்று எழுதினார். அன்று மாலையே கட்டுகளை இறக்கி மீண்டும் ஒத்திகை நடத்தினார்கள். அவளால் பெட்டியைத் தூக்க முடியவில்லை, நான் தூக்கிக்கொண்டேன்.

"மெதுவா எறங்குடி. கனமா இருக்கா?" என்றாள் பின்னாலிருந்து.

"இல்லக்கா" என்றேன். கனமாகத்தான் இருந்தது. பலகையில் இன்னும் அவள் பெயர்தான்.