டார்லின் இல்லாத வாழ்த்து

"எம் மகள எங்கன கொண்டு வச்சிருக்க, பிள்ள?" என்று பாக்கியவதி அக்கா என்னிடம் கேட்டாள். மதியச் சாப்பாட்டு மணி அடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அவள் கையில் காலையில் நாங்கள் கொடுத்த பிறந்தநாள் வாழ்த்து இருந்தது. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

நான் கங்கைகொண்டான் பக்கத்தில் ஒரு நூற்பாலையின் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் விவரம் பதியும் வேலை பார்த்தேன். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல முடியாமல் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தட்டச்சு தெரியும் என்பதால் மாமா இங்கே சேர்த்துவிட்டார். கம்ப்யூட்டர் அறையில் யாரோடும் பேச வேண்டியதில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது.

தொண்ணூற்றாறாம் வருஷம் எங்கள் ஆலையில் தொழிலாளர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும் வழக்கம் வந்தது. தமிழ் எழுத்து வருவதற்காகக் கம்ப்யூட்டருக்குள் தனியாக ஒரு அட்டை பொருத்தினார்கள். எல்லோருடைய பெயர், டிக்கெட் எண் என்கிற தொழிலாளர் எண், பிரிவு, பிறந்த தேதி எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்தன. தினமும் காலையில் நான் புரோகிராமை ஓட்டினால், அன்றைய தேதியும் மாதமும் யாருக்குப் பொருந்துகிறதோ அவர்களை அதுவே எடுத்து, கடிதத்தில் பெயரை நிரப்பி அச்சடிக்கும். சிவசங்கரன் சாரின் கையெழுத்து முத்திரையை நான் குத்துவேன். அவர்தான் எங்கள் பணியாளர் பிரிவு அதிகாரி. பிறகு டைம் ஆபீஸில் அவரவர் வருகை அட்டைக்குப் பின்னால் கடிதத்தைச் செருகிவிடுவார்கள்.

முதல் சில மாதங்கள் எல்லோருக்கும் ஒரே வாசகம். கேன்டீனில் அதில் வடை எண்ணெய் துடைத்தார்கள். பாதிப் பேருக்கு ஜூன் மாதம்தான் பிறந்தநாள், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி. "நான் பொறந்தது ஐப்பசி மழையில, இவன் ஆனியில வாழ்த்துதான்" என்று சிரித்தார்கள்.

சார் என்னைக் கூப்பிட்டு, ஒவ்வொருவருக்கும் அவருக்கென்றே ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேட்டார். நான் தலையாட்டினேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு காலி இடம் உண்டாக்கினோம். அதில் நான் எழுதி வைப்பது கடிதத்தின் நடுவில் போய் உட்காரும். அந்த இடம் காலியாக இருந்தால் சார் எழுதிக்கொடுத்த பொது வரி ஒன்று தானாக வரும்.

யாரிடமும் போய்க் கேட்க எனக்கு வாய் வராது. ஆனால் என் மேசை ஜன்னலிலிருந்து சைக்கிள் நிறுத்துமிடமும் வாசலும் தெரியும். யார் யாருக்காக நிற்கிறார்கள், யார் சைக்கிளில் பிள்ளையை வைத்துக்கொண்டு வருகிறார்கள், யார் மழைக்கு யார் குடைக்குள் ஒதுங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கேன்டீனில் காது கொடுத்தாலே போதும். அப்படி எழுதினேன். அதன்பிறகு கடிதங்களை வீட்டுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார்கள்.

பாக்கியவதி அக்கா நூல் சுற்றும் பிரிவில் இருந்தாள். அவள் மகள் டார்லின் பழைய பள்ளிச் சீருடைத் துணியில் அம்மாவுக்குச் சாப்பாட்டுப் பை தைத்துக் கொடுத்திருந்தாள். நீலப் பை, ஒரு பக்கம் வாரு நீளம், ஒரு பக்கம் குட்டை. நான் எழுதினேன்: "டார்லின் தைத்த நீலப் பையில்தான் உங்கள் மதியச் சாப்பாடு வருகிறது. அவள் கை மேலும் மேலும் நன்றாகத் தைக்கட்டும்." அன்று அக்கா அறைக்குள் எட்டிப் பார்த்து, அந்தக் கம்ப்யூட்டருக்குக் கண் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனாள். வீட்டில் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாகப் பிறகு தெரிந்தது.

அடுத்த வருஷம் பழைய வரிகளால் வம்பு வந்தது. ஐயம்பெருமாள் அண்ணாச்சியின் செவலைப் பசுவைப் பற்றி நான் எழுதியிருந்தேன். அவர் அதை விற்று நாளாகிவிட்டது. "வேய், கம்ப்யூட்டர் ஒம்ம மாட்டத் தேடுதுவே, எங்கனவே கட்டிப்போட்டீரு" என்று ஒரு வாரம் அவரைப் படுத்தினார்கள். சார் சிரித்துவிட்டு, இனி ஒரு மாதம் முன்னாலேயே வரிகளைப் பார்த்துத் திருத்திவிட வேண்டும், வீட்டில் துக்கம் நடந்திருந்தால் அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்றார்.

அந்த வருஷமே டார்லின் மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். பத்தாவது பரீட்சை எழுதவில்லை. நாங்கள் எல்லோரும் அடக்கத்துக்குப் பாளையங்கோட்டைக்குப் போய் வந்தோம். அதன்பிறகு ஆலையில் அவள் பெயரை யாரும் அக்காவின் முன்னால் சொல்வதில்லை. மகள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவர்கள் அக்கா வந்தால் மின்வெட்டு பற்றிப் பேசுவார்கள்.

நான் அந்த வரியை அழித்தேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. காலியாக விட்டேன். அக்காவின் பிறந்தநாள் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து எடுத்தது, உண்மையான தேதி. அன்று காலை அச்சான கடிதத்தில் பொது வரி வந்தது: "குடும்பத்தினர் அனைவருடனும் மகிழ்ச்சியாகக் கொண்டாட வாழ்த்துகிறோம்." முத்திரை குத்தும்போது படித்தேன். நல்லது, இதில் காயப்படுத்த எதுவும் இல்லை என்றுகூட நினைத்தேன்.

இப்போது அக்கா அந்தக் காகிதத்தை என் மேசையில் விரித்து வைத்தாள். "போன வருசம் இருந்தா. இந்த வருசம் இல்ல."

பக்கத்து அறையிலிருந்து சார் எழுந்து வந்தார். உங்கள் மனசு கஷ்டப்படக் கூடாது என்று தான்தான் எடுக்கச் சொன்னதாகவும், இந்தப் பெண் மேல் தப்பு இல்லை என்றும் மெதுவாகச் சொன்னார்.

"எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ, சார்" என்றாள் அக்கா. "சர்ச்சுல அவ பேர எடுக்க மாட்டுக்காவ. வீட்டுல அவ போட்டோவ அவ அப்பா திருப்பி வச்சிருக்காவ. கேன்டீன்ல என்னக் கண்டா கரண்டு போனதப் பேசுதாவ. மனுசருக்கு மனசு இருக்கு, சரி. இந்த மெசினுக்கு ஏது மனசு? அது மறைக்காம சொல்லும்னுதான் இருந்தேன். விடிஞ்சதும் அதுக்காவத்தான் வேலைக்கு வந்தேன்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி அக்காவின் டிக்கெட் எண்ணைத் தட்டினேன். பெயர், பிரிவு, தேதி வந்தன. எதிரே அந்த இடம் காலியாக மின்னிக்கொண்டிருந்தது. பழைய வரி எனக்கு மனப்பாடம். ஆனால் அதன் இரண்டாவது பாதியை இனி எழுத முடியாது. அக்காவின் தோளைப் பார்த்தேன். பை தொங்கியது. அறுந்த குட்டை வாரில் புதிதாக ஒரு முடிச்சுப் போட்டிருந்தாள்.

"டார்லின் தைத்த நீலப் பையில்தான் இன்றும் சாப்பாடு கொண்டுவந்தீர்கள்" என்று அடித்தேன். அதற்கு மேல் எதுவும் வரவில்லை. அவளுக்கு மட்டும் கடிதத்தை மறுபடி ஓட்டினேன். அச்சு இயந்திரம் இரைந்துகொண்டே வரி வரியாக இழுத்தது. ரிப்பன் பழசு, எழுத்து மங்கலாக வந்தது. கீழே 'இனிய பிறந்தநாள் நல்வாழ்த்துகள்' என்ற வழக்கமான வரியும் தானாக வந்து விழுந்தது. அதை நிறுத்த எனக்குத் தோன்றவில்லை.

காகிதத்தின் இரு பக்கமும் துளையிட்ட ஓரங்களைக் கிழித்துவிட்டுக் கொடுத்தேன். அக்கா விரலை வைத்துக்கொண்டு படித்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது. உதடு அசைந்தது. அந்த மங்கல் எழுத்தை விரல் மறுபடி ஒருமுறை தடவியது.

முத்திரை குத்தவில்லையே என்று சார் கையை நீட்டினார். அக்கா கொடுக்கவில்லை. காகிதத்தை நான்காக மடித்து, சாப்பாட்டுப் பாத்திரத்தின் ஓரமாக நீலப் பைக்குள் வைத்தாள். காலையில் கொடுத்த கடிதம் என் மேசையிலேயே கிடந்தது. பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல் வெளியே போனாள்.