கோடு இருந்ததா

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். மற்றவர்கள் எழுதிய நிரலை வரி வரியாகப் படித்துப் பிழை பிடிப்பதுதான் அவள் வேலை. நோயாளியின் படுக்கையருகே இருந்து ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் கருவிக்கு அந்த நிரல். அளவு தொண்ணூறைத் தொட்டாலோ அதற்குக் கீழே இறங்கினாலோ கருவி அலற வேண்டும்.

அலறவில்லை. ஒரு முதியவருக்கு அளவு நாற்பது நிமிடம் சரியாகத் தொண்ணூறிலேயே நின்றது. அருகில் அவர் மனைவி கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். தொண்ணூறுக்குக் கீழே போய்க் கருவி அலறியபோது காலம் கடந்துவிட்டது.

நிரலில் '<=' என்று இருக்க வேண்டிய இடத்தில் '<' மட்டும் இருந்தது. அதனால் தொண்ணூறுக்குக் கீழே போனால்தான் அலறும்; தொண்ணூறைத் தொட்டால் அலறாது. எழுதியவன் வேலையை விட்டுப் போய்விட்டான். சரி என்று ஒப்புதல் கொடுத்தது அவள்.

முதியவரின் சாவு பற்றிய விசாரணைக்கு முந்தின நாள் அவள் ராஜினாமாக் கடிதத்தை அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கை மென்பொருள் சோதனையாளன் எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா இது?"

"கண்ணு போச்சு தம்பி. கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம் எதுக்கு?"

அவளது விழித்திரையின் நடுப்பகுதி மெலிந்துவருவது இரண்டு ஆண்டுகளாக அவனுக்கு மட்டுமே தெரியும். மூன்று மாதம் முன்பு ஒரு மதிய இடைவேளையில், சாப்பாட்டைக்கூடப் பிரிக்காமல், அவள் நிரல் படிக்கும் எடிட்டரை அவன்தான் மாற்றிக் கொடுத்தான். பூஜ்ஜியமும் ஆங்கில 'O' எழுத்தும் குழம்பாத ஓர் எழுத்துரு. மெல்லிய எழுத்துக்குப் பதிலாகச் சற்றுத் தடித்தது. வரிகளுக்கு நடுவே தாராளமான இடைவெளி. முக்கியமாக, லிகேச்சரை அணைத்தான். அது இருந்தால் '<', '=' இரண்டும் ஒட்டிக்கொண்டு, அடியில் கோடு போட்ட ஒரே குறியாகத் தெரியும். நல்ல கண்ணுக்கு அழகு. அவள் கண்ணுக்கு அந்த அடிக்கோடு மெல்லிய மயிரிழை; இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

"அன்னிக்கு எவ்வளவு நல்லா தெரிஞ்சுது! ஒரு வாரம்தான். அப்புறம் மறுபடியும் எல்லாம் நெருக்கி, மெலிஞ்சு... நோய் முத்திடுச்சுன்னு நினைச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா?"

"எத்தனை தடவைதான் உன் சாப்பாட்டைக் கெடுக்கிறது?"

அவன் அவள் நாற்காலியில் உட்கார்ந்தான். அவளது சொந்த அமைப்புகளைத் திறந்தான். அவன் அன்று போட்ட எண்கள் அப்படியே இருந்தன: தடிமன் 500, வரி உயரம் 1.6, லிகேச்சர் இல்லை. ஆனால் திரையில் தெரிந்தது வேறு. மெல்லிய எழுத்து, நெருக்கமான வரிகள், ஒட்டிய குறிகள்.

"அக்கா, காரணம் உங்க கண்ணு இல்ல."

திட்டக் கோப்புறைக்குள் இன்னோர் அமைப்புக் கோப்பு இருந்தது. ஒருவர் தனக்கென்று என்ன வைத்திருந்தாலும் திட்டத்தின் கோப்பு சொல்வதே செல்லும். அதில் நான்கு வரிகள்: எழுத்துரு, தடிமன் 300, வரி உயரம் 1.2, லிகேச்சர் உண்டு. அவன் மாற்றிக் கொடுத்த அடுத்த வாரம் அதைச் சேர்த்தவர் குழுத் தலைவர். எல்லாத் திரையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பார். அதனாலேயே அவரை ஓவியர் என்று கேலி செய்வார்கள்.

ஓவியரை அழைத்துவந்து காட்டினான். அவர் வெகுநேரம் அந்த நான்கு வரிகளையே பார்த்தார்.

"அழகா இருக்கணும்னுதான் போட்டேன்."

"யாருக்கு சார்?" என்றான் சோதனையாளன்.

அவர் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். கோப்பைத் திறந்து பார்க்கும் அளவுக்கு விசாரணைக் குழுவில் யாருக்கும் பொறுமையில்லை. "நாளைக்கு நானே சொல்றேன். நீங்க கடிதம் குடுக்காதீங்க" என்றார். மனிதனுக்குள் கடவுள் அரை நிமிடமாவது வந்து உட்காருவது இப்படிப்பட்ட வேளைகளில்தான்.

அவள் தலையசைக்கவில்லை.

"சொல்லுங்க. ஆனா அந்த வரியைப் படிக்கும்போது கோடு இருக்கா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துது சார். பக்கத்துலதான் தம்பி இருந்தான். 'இதைப் பாருடா'ன்னு கேக்க வெட்கப்பட்டு, சரின்னு அமுக்கிட்டேன். அந்தம்மா கம்பளி பின்னிட்டு இருந்தாங்களாம்."



மறுநாள் இரண்டு பேரும் உள்ளதைச் சொன்னார்கள். ஓவியரின் பதவி போனது; அவள் வேலை போனது. முதியவர் போனது போனதுதான்.

கடைசி நாளில் அவள் பையை எடுத்தபோது சோதனையாளன் ஒரு தாளை நீட்டினான். அவள் கண்ணுக்கு எட்டும்படி பெரிய, தடித்த எழுத்தில், வரிகளை நன்றாகத் தள்ளித் தள்ளி எழுதியிருந்தான். எழுத்துருவின் பெயர், 500, 1.6, லிகேச்சர் வேண்டாம். கடைசியாக ஒரு வரி: 'திட்டக் கோப்பையும் பாருங்க. சந்தேகம்னா கூப்பிடுங்க.'

கண்ணாடி போடாமலே அவளால் படிக்க முடிந்தது.

பின்னால் ஓவியர், இப்போது சாதாரண ஊழியர், ஒவ்வொரு இருக்கையாகக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்: "உங்க கண்ணுக்கு எப்படி வேணும்?"