ஒரு புள்ளி குறைந்த பதினெட்டு

பிரதாபன் அண்ணா எங்கள் கிளிநொச்சி நிறுவனத்தின் முதுநிலைப் பொறியியலாளர். மைக்கைக் கண்டால் விடமாட்டார். அன்று முல்லைத்தீவில் மீனவர் சங்கத்தின் படகுப் பதிவுப் புரோகிராமுக்குத் திறப்பு விழா. மாலை, குத்துவிளக்கு, மைக் எல்லாம் தயார். புரோகிராம் மட்டும் திறக்கவில்லை.

அதை எழுதியவள் நான். அலுவலகத்தில் தகுதிகாண் காலத்தில் இருந்தேன். இந்த விழா சரியாக நடந்தால்தான் வேலை நிரந்தரம் என்று முதலாளி விமலேஸ்வரி சொல்லியிருந்தார். அவர் என் மேசைக்கு அருகில் கதிரையைப் போட்டுக்கொண்டு முல்லைத்தீவில் நின்ற அண்ணா ஸ்பீக்கர் போனில் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிரஷாந்தினி, உம்மட கோட் பிழை. டொம்கற் சேர்வர் ஓடுது, அதில ஓடவேண்டிய உம்மட புரோகிராம்தான் எழும்புதில்லை. சனத்துக்கும் மைக்கில சொல்லிப்போட்டன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணா, லொக் பதிவில என்ன கிடக்கு?"

"அன்சப்போட்டட் கிளாஸ் வேர்ஷன் எண்டு கிடக்கு. அறுபத்தொண்டு, ஐம்பத்திரண்டு எண்டு என்னவோ."

எனக்கு உயிர் வந்தது. அறுபத்தொன்று என்றால் என் புரோகிராம் ஜாவா பதினேழில் கட்டியது. ஐம்பத்திரண்டு என்றால் அந்த மெஷினில் கிடப்பது ஜாவா எட்டு. பழைய ஜாவா புதியதை வாசிக்காது.

"பென்டிரைவில பதினேழு தந்தனான். போட்டனீங்களோ?"

"ஏன் போடுவான்? இஞ்ச பதினெட்டு ஏற்கெனவே இருக்கு. பதினேழைப் போட்டுக் கீழ இறக்கச் சொல்லுறீரோ?"

"பதினெட்டு எண்டு எதைப் பாத்துச் சொல்லுறீங்கள்? திரையில இருக்கிறதை அப்பிடியே வாசியுங்கோ."

"வன் எயிற்."

"நடுவில ஒண்டுமில்லையோ?"

அவருக்குப் பின்னால் யாரோ நாதஸ்வரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு புள்ளி கிடக்கு."

"ஒண்டு புள்ளி எட்டு எண்டால் ஜாவா எட்டு, அண்ணா. ஜாவாவுக்கு அப்ப அப்பிடித்தான் பேர் வச்சவை."

விமலேஸ்வரி சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். அண்ணா பதினேழை நிறுவினார். டொம்கற் இன்னும் பழைய ஜாவாவையே பிடித்துக்கொண்டு நின்றது. அதன் அமைப்பில் ஜாவாவின் பாதையையும் மாற்றி மறுபடி தொடக்கச் சொன்னேன். படகுகளின் பட்டியல் திரையில் வந்தது. போனுக்குள் கைதட்டல் கேட்டது.

"பிரதாபன், மைக் உங்கட கையிலதானே இருக்கு?" என்றார் விமலேஸ்வரி. "பிள்ளையில பிழையில்லை எண்டு அதிலயே சொல்லுங்கோ."

அண்ணா மைக்கில் சொன்னார். நாங்களும் கேட்டோம்.

"அன்பார்ந்த மக்களே, மிகவும் நுணுக்கமான ஒரு தொழில்நுட்பக் கோளாறை இப்பொழுதுதான் கண்டுபிடித்துச் சரிசெய்தேன்!"

முதல் தடவையைவிடப் பெரிய கைதட்டல். சங்கத் தலைவர் அவருக்கு மாலை போடுகிறார் என்று யாரோ அறிவித்தார்கள்.

விமலேஸ்வரி போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நாளையில இருந்து நீர் நிரந்தரம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சந்தோசம்.

"அடுத்த விழா வவுனியாவில. நீர் பிரதாபனுக்கு உதவியாப் போம்," என்றார். "சனத்துக்கு அவரைத்தானே தெரியும்."