கன்னத்தில் இருந்த கறுப்பு

கடையில் இருந்தவர்கள்: கடைக்காரர் புவாட் நானா. கம்ப்யூட்டருக்கு முன்னால் நான், சசி. சுதந்திர வர்த்தக வலயத்துக் கம்பனியில் இரவு வேலையை விட்டுவிட்டு இங்கே சேர்ந்தவன். செத்துப்போன விஜயகலாவின் மகள் கேஷானி. விஜயகலாவின் அண்ணன் செல்லத்துரை. அவளைக் குவைத்துக்கு அனுப்பிய ஏஜென்ட் இந்திரகுமார். அவருக்கு மட்டும் நானா நாற்காலி போட்டிருந்தார்.

ருவான்வெல்லை பஜாரில் வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்குப் படம் எடுக்கிற கடை எங்களுடையது. ஆட்களைக் கூட்டி வருகிறவர் இந்திரகுமார். அதனால்தான் நாற்காலி.

விஜயகலாவின் பெட்டியைச் சீல் வைத்து அனுப்பியிருந்தார்கள். மாரடைப்பு என்றார்கள். திறக்கக்கூடாது என்றார்கள். திறக்காமலே தோட்டத்தில் புதைத்தார்கள். இப்போது கருமாதி. மாலை போட ஒரு படம் வேண்டும். மண்சரிவில் தோட்டத் தொழிலாளர் லயத்தின் கடைசி வீடுகள் போனபோது ஆல்பமும் போய்விட்டது. அடையாள அட்டையில் இருப்பது பதினெட்டு வயசுப் பிள்ளையின் முகம். பாஸ்போர்ட் திரும்பி வரவில்லை. அதற்கு எங்கள் கடையில் எடுத்த படம் பழைய கம்ப்யூட்டரோடு போய்விட்டது. மிச்சம் இருந்தது வீடியோ கோலில் பிடித்த ஸ்கிரீன்ஷொட் மட்டும்.

இந்திரகுமார் தன் போனில் ஒரு படத்தைத் தயாராக வைத்திருந்தார். அந்த ஸ்கிரீன்ஷொட்டை ஏதோ ஒரு ஆப்பில் போட்டு எடுத்தது. இதையே பெரிசாக அடிக்கலாம், சந்தியில் பெனரும் போடலாம், செலவு தன்னுடையது என்றார். பார்த்தேன். மாவு பூசிய மாதிரி வெள்ளைத் தோல். வரிசை தப்பாத பற்கள். மூக்குத்தியைக் காணோம். ஆப் தனக்குத் தெரியாத இடங்களை யாரோ முன்பின் தெரியாத பொம்பிளைகளின் முகங்களைக் கொண்டு நிரப்பும். அது செய்கிற வேலையே அதுதான்.

"இது எங்க அம்மா இல்ல," என்றாள் கேஷானி.

"நல்லாத்தானே இருக்கு பிள்ள," என்றார் செல்லத்துரை. "உங்கம்மா இப்படி ஒரு நாள் இருந்தாளா? இப்பவாவது இருக்கட்டும்."

நான் அசலைக் கேட்டேன். செல்லத்துரை வட்ஸ்அப்பில் ஏஜென்டுக்கு அனுப்பியதுதான் அவர்கள் இருவரிடமும் இருந்தது. கோலிலேயே நெட்வொர்க் இழுத்து இழுத்துத் தேய்ந்த படம் அது. அனுப்பும்போது வட்ஸ்அப் இன்னொரு தடவை நசுக்கியிருந்தது. அதை ஆப்பில் போட்டால் கிடைப்பது கட்டுக்கதை. நல்ல காலம், ஸ்கிரீன்ஷொட் எடுத்தது கேஷானியின் போனில். அம்மா பேசும்போது முகம் எப்போதெல்லாம் தெளிகிறதோ அப்போதெல்லாம் பட்டனை அமத்துவாளாம். கடைசிக் கோலில் மட்டும் ஆறு இருந்தன. கேபிள் போட்டு நேரே இறக்கினேன்.

திரையில் படம் பெரிசாகத் தெரிந்தாலும் உள்ளே சரக்கு கொஞ்சம்தான். சின்னப் படத்தைத்தான் போன் இழுத்து விரித்துக் காட்டுகிறது. பெனர் ஏலாது, போஸ்ட்கார்டு அளவைவிடக் கொஞ்சம் பெரிசாக அடித்தால் தாங்கும் என்று சொன்னேன். இந்திரகுமார் சிரித்தார். கொழும்பில் இதையெல்லாம் ஒரு நிமிஷத்தில் செய்கிறார்களாம். அப்படியானால் கொழும்புக்குப் போங்க என்று வாய் வரை வந்தது. நானா என்னைப் பார்த்த பார்வையில் விழுங்கினேன்.

ஆறில் இரண்டில் முகம் இழுபட்டிருந்தது. ஒன்றில் மூலையில் கேஷானியின் சின்னக் கட்டம் அம்மாவின் தாடையை மறைத்தது. மிச்சம் மூன்று. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கண்ணுக்குக் கண், மூக்குத்திக்கு மூக்குத்தி பொருத்தினேன். நெட்வொர்க் போடும் கட்டம் கட்டமான அழுக்கு ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு இடத்தில் விழும். மூன்றையும் கலந்தால் அது மங்கும். உண்மையில் முகத்தில் இருப்பது நிற்கும். பிறகு நிறத்தை மட்டும் இளக்கினேன், கோடுகளைத் தொடவில்லை. தோலில் இருந்த பச்சைத் திட்டுகள் அடங்கின. மெல்ல மெல்ல ஒரு பொம்பிளை வந்தாள். களைத்த கண். ஒரு பக்கம் கோணிய சிரிப்பு. கேஷானி மூச்சை இழுத்தது கேட்டது.

இடது கன்னத்து எலும்பின் மேல் கறுப்பாக ஒன்றும் வந்தது.

நான் அந்த இடத்தைப் பெரிசாக்கினேன். அதற்குள் செல்லத்துரை, "அது நெட்வொர்க்," என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

மூன்று படங்களையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். மற்ற அழுக்கெல்லாம் இடம் மாறியது. இது மாறவில்லை. ஒன்றில் அவள் தலையைத் திருப்பியிருந்தாள். நிழல் என்றால் விளக்கோடு நின்றிருக்கும். இது கன்னத்தோடு திரும்பியது. விளிம்பில் மஞ்சள். நாலைந்து நாள் பழசான அடி அப்படித்தான் இருக்கும். எனக்குத் தெரியும், தோட்டத்தில் வளர்ந்தவன்.

"அடிச்சிருக்காங்க," என்றேன்.

இந்திரகுமாரின் குரல் மாறவில்லை. மாரடைப்பு என்று டொக்டரே எழுதியிருப்பதாகவும், அடுப்படியில் எங்காவது இடித்திருப்பாள் என்றும் சொன்னார். பிறகு என்னிடம், "தம்பி, அதை எடுத்துட்டு அடிங்க. சாமி படம் மாதிரி மாலை போடப்போறாங்க. காயத்தோட யாரும் வைப்பாங்களா?" என்றார். கேஷானியின் போனில் இருப்பவற்றையும் அழித்துவிடுவது நல்லது, யாராவது பேஸ்புக்கில் போட்டால் இனித் தோட்டத்திலிருந்து ஒருத்தரையும் அனுப்ப முடியாது என்றார். அதைச் சொல்லிக்கொண்டே கேபிளில் கிடந்த போனுக்குக் கையை நீட்டினார்.

நானா அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தார். இறுக்கவில்லை. "வாடிக்கையாளர்ட சாமான் அது," என்றார். "அத மட்டும் தொடாதீங்க."

"நாளைலேருந்து உங்க கடைக்கு ஆள் வராது, நானா."

"வராட்டி வராது."

கேஷானி ஏஜென்டைப் பார்க்கவே இல்லை. மாமாவைத்தான் பார்த்தாள்.

"நீங்க எப்படி உடனே நெட்வொர்க்னு சொன்னீங்க?"

செல்லத்துரை தொண்டையைச் செருமினார். வெளியே பெய்த மழையைப் பார்த்தார். விஜயகலாவை ஏஜென்டிடம் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான் என்பது தோட்டத்துக்கே தெரியும்.

"அம்மா உங்கக்கிட்ட சொன்னாங்களா மாமா?"

"சொன்னா."

"என்னன்னு?"

"அந்த வீட்டம்மா கை நீட்டுறாங்கன்னு. கூப்பிட்டுக்கச் சொன்னா. காலம் முடிய கொஞ்ச நாள்தானே, பொறுத்துக்கம்மான்னேன். பாதியில வந்தா டிக்கட்டுக்கு நாமதான் கட்டணும்னு இவர் சொன்னாரு. நா என்ன செய்ய, பிள்ள?"

"எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"நீ படிக்கிற பிள்ள."

 அடிக்கவேண்டும் போல இருந்தது, யாரை என்றுதான் தெரியவில்லை. நாற்காலியில் இருந்தவனையா, நின்றுகொண்டிருந்தவனையா? மௌஸைப் பிடித்துக்கொண்டு, அழிக்கவா வைக்கவா என்று கேஷானியிடம் கேட்டேன். கேட்கவேண்டிய ஒரே ஆள் அவள்தான்.

"இருக்கட்டும். கன்னம் அப்படியே இருக்கட்டும்," என்றாள். "வாறவங்க எல்லாம் பாக்கட்டும். மூணு படத்தையும் தனித்தனியாவும் அடிச்சுத் தாங்க அண்ணே. பொலிசுக்கும் வேணும்."

கை வைக்காத அசல்களைத்தான் பொலிசுக்குக் கொடுக்கவேண்டும், நான் செய்தது மாலைக்கு மட்டும், போனையும் யாருக்கும் கொடுக்காதே என்றேன். தலையாட்டினாள்.

இந்திரகுமார் எழுந்து, குடையை உதறி, சிங்களத்தில் யாரிடமோ போனில் பேசிக்கொண்டே வெளியே போனார். செல்லத்துரை அந்த நாற்காலியில் உட்காரப் போனார். பிரிண்டர் ஓடத் தொடங்கியிருந்தது. நெற்றி வந்தது. கண் வந்தது.

"நீங்க பாக்கவேண்டாம் மாமா," என்றாள் கேஷானி. "போங்க."

"மழை பெய்யுது பிள்ள."

"போங்க."

அவர் நானாவைப் பார்த்தார். நானா போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்தார். செல்லத்துரை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். நானா கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினார்.